பைக் திருடு போனால் சிஎஸ்ஆர் ரசீதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்

போன தை மாதம் திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த என் பைக் காணாமல் போனது. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தால் வண்டி நின்ற இடத்தில் ஒரு எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது. அன்று இரவே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன், அப்புறம்தான் கோட்டை விட்டேன்.

ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள், "பத்து நாள் தேடிப் பார்ப்போம் சார், கிடைச்சா கூப்பிடறோம்" என்றார் ரைட்டர். நான் அதை எஃப்ஐஆர் என்றே நினைத்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டேன். அது சிஎஸ்ஆர், அதாவது புகார் வந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். வழக்கு பதிவாகி, குற்ற எண்ணும் சட்டப் பிரிவும் போட்டிருந்தால்தான் எஃப்ஐஆர். திருட்டுக்கு இப்போது, ஐபிசிக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் சட்டத்தின் 303(2) என்று இருக்கும். அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிவு செய்ய மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்கு (மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு) பதிவுத் தபாலில் அனுப்பலாம், சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. நான் அனுப்பியது பதினெட்டாம் நாள். இருபத்தோராம் நாள் ஸ்டேஷனிலிருந்து அவர்களே கூப்பிட்டு எஃப்ஐஆர் போட்டார்கள்.

அடுத்தது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மறுநாள் காலையிலேயே அவருக்கு போன் செய்தேன். "எஃப்ஐஆர் கையில் வந்த பிறகு சொல்லுங்க, இப்போ சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்லை" என்றார். நம்பினேன். இருபத்து மூன்றாம் நாள் கம்பெனியில் கிளெய்ம் போட்டால், தகவல் தாமதம் என்று நிராகரித்துக் கடிதம் வருகிறது! ஏஜென்ட் அப்புறம் போனையே எடுக்கவில்லை. எஃப்ஐஆர் இல்லாவிட்டாலும் அன்றைக்கே கம்பெனியின் எண்ணுக்கு நேரடியாக அழைத்து கிளெய்ம் எண் வாங்கி, கூடவே ஒரு மெயிலும் போட்டிருக்க வேண்டும். ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னதற்கு என்ன சாட்சி இருக்கிறது?

இதில் ஒரு பிடிமானம் உண்டு. போலீஸில் உடனே புகார் பதிவாகியிருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி உண்மையான கிளெய்மை மறுக்கக்கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குர்ஷிந்தர் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பையும், முதல் நாள் தேதியிட்ட சிஎஸ்ஆர் ரசீதையும் இணைத்து கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதினேன். சும்மா என்று நினைத்த அந்த ரசீது கடைசியில் இங்கேதான் உதவியது. இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம் என்று தயாரான நேரத்தில் ஃபைலை மறுபடி திறந்தார்கள். விசாரணைக்கு வந்தவர் முதலில் கேட்டது இரண்டு சாவிகளையும்தான். ஒரு சாவி இல்லையென்றால் வண்டியிலேயே விட்டுவிட்டாய் என்று பேச்சு திரும்பும். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்குத் திருட்டுக்கு ஒரு பைசாவும் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது பேப்பர் விஷயம். சைடு பாக்ஸில் ஒரிஜினல் ஆர்சி, ஆதார் ஜெராக்ஸ், அதோடு வண்டியை விற்கலாம் என்று நினைத்து முன்பே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த பெயர் மாற்றப் படிவங்களான ஃபார்ம் 29, 30. ஆர்சியோடு கையெழுத்திட்ட அந்தப் படிவங்களும் சேர்ந்தால், வண்டியை நானே விற்றதாக ஒருவன் காட்ட முடியும். இது உறைத்ததும் ஆர்டிஓவுக்கு ஓடினேன். வண்டி எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண் மூன்றையும் எழுதி, திருட்டு என்று பதிவு செய்யவும், பெயர் மாற்றம், என்ஓசி எதுவும் தராமல் நிறுத்தவும் கேட்டு, எஃப்ஐஆர் நகலோடு அங்கே தபால் வாங்கும் கவுன்ட்டரில் கொடுத்தேன். நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் "விட்டுட்டுப் போங்க" என்பார்கள், விட்டுவிட்டு வராதீர்கள். தொலைந்த பேப்பர்களின் பட்டியலும் புகாரிலேயே இருக்க வேண்டும், என் முதல் புகாரில் அது இல்லை, தனியாக இன்னொரு மனு கொடுக்க வேண்டியதாயிற்று. ஆதாருக்கு பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டு, என் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தேன், புதிதாக எதுவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஹெல்மெட் போடாததற்கு என் வண்டி எண்ணில் ஒரு இ-சலான் வந்தது. போட்டோவில் என் பைக்தான், டேங்கில் மகள் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் கூட அப்படியே இருந்தது. அபராதத்தைக் கட்டாமல், எஃப்ஐஆர் நகலோடு அந்த சலானை மறுத்து எழுதிவிட்டு, இடமும் நேரமும் தெரியும்படி அதை விசாரணை அதிகாரியிடமும் கொடுத்தேன். வண்டி இன்னும் கிடைக்கவில்லை. கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழ் வந்தால்தான் கிளெய்ம் பணம் வருமாம், அதற்காக வாரம் ஒரு தடவை ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.