ஸ்ட்ரெஸ்ஸா, தகைவா, அழுத்தமா? தமிழில் விளக்கம் கேட்கும் மூன்று வழிகள்

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. மாலையில் என்னிடம் சந்தேகம் கேட்க வருவான். அன்று ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, முழுக்கத் தமிழ்லயே சொல்லுங்க. ஆனா டெர்ம்ஸ் மட்டும் இங்கிலீஷ்லயே இருக்கட்டும்" என்றான். இப்படிக் கேட்பது சோம்பேறித்தனம் என்று நினைக்கும் ஆசிரியர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அவன் எங்கே தடுக்குகிறான் என்று கூடவே உட்கார்ந்து பார்த்த பிறகு மனம் மாறியது.

ஒரே கேள்வியை வைத்து மூன்று வழிகளையும் பார்த்துவிடலாம். 20 மி.மீ. விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள இரும்புக் கம்பி. அதை 30 கிலோ நியூட்டன் விசையில் இழுக்கிறோம், அதாவது ஏறக்குறைய 3 டன் எடையை அதில் தொங்கவிடுகிறோம். கம்பி எவ்வளவு நீளும்?

முதல் வழி, முழு இங்கிலீஷ். பரீட்சை அதில்தான் நடக்கப்போகிறது என்பதால் இதைத்தான் கல்லூரியில் சொல்வார்கள். பையனிடம் முதல் வரியை வாசிக்கச் சொன்னேன். 'சப்ஜெக்டட் டு அன் எக்ஸ்டர்னல் லோட்' என்ற இடத்தில் நின்றுவிட்டான். லோடு அவனுக்குத் தெரியும், லாரி லோடு கேட்டு வளர்ந்தவன். சப்ஜெக்ட் என்றால் பாடம் என்றுதான் அவனுக்குத் தெரியும். 'பாடம் ஆக்கப்பட்ட கம்பியா' என்று முழித்தான். அடுத்த வரியில் 'இண்டியூஸ்டு', அதற்கடுத்து 'ரெஸ்பெக்டிவ்லி'. ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெய்ன், மாடுலஸ் எதுவும் அவனைத் தடுக்கவில்லை. அவற்றுக்குப் புத்தகமே விளக்கம் தருகிறது. தடுத்தவை எல்லாம் விளக்கம் தரப்படாத சாதாரணச் சொற்கள். 'இவனுக்கு டெர்ம்ஸ் தெரியவில்லை' என்று பலர் நினைப்பது இங்கேதான் தவறுகிறது. டெர்ம்ஸைச் சுற்றியிருக்கும் வாக்கியம்தான் அவனுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வழி, முழுத் தமிழ். ஸ்ட்ரெஸ் தகைவு, ஸ்ட்ரெய்ன் திரிபு, யங்ஸ் மாடுலஸ் யங் குணகம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் அவன் படித்த சொற்கள்தான். நல்ல சொற்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. இலாஸ்டிசிட்டிக்குச் சொல்லும் மீட்சி என்ற சொல் 'மீண்டு வருவது' என்று பொருளைத் தானே சொல்லிவிடுகிறது. இலாஸ்டிக் என்றால் பையனுக்கு நினைவுக்கு வருவது கால்சட்டை நாடா. எது அதிக இலாஸ்டிக் என்று கேட்டேன், யோசிக்காமல் 'ரப்பர்' என்றான். இரும்புதான், ஏனென்றால் அதே அளவு நீட்ட இரும்பில் பல மடங்கு ஸ்ட்ரெஸ் வேண்டும். எவ்வளவு நீளும் என்பதை வைத்து இலாஸ்டிசிட்டியை அளப்பதில்லை. இந்த இடத்தில் தமிழ்ச்சொல் உண்மையிலேயே உதவியது.

சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. பாடநூல் சொல் நினைவில் இல்லாதவர், கேட்டவுடன் தானாக ஒரு தமிழ்ச்சொல்லைப் போட்டுவிடுவார். 'மன அழுத்தம்' பேச்சில் புழங்குவதால், ஸ்ட்ரெஸ் என்றதும் வாயில் வருவது அழுத்தம். ஆனால் இயற்பியலில் அழுத்தம் என்பது பிரஷர். இரண்டுக்கும் அலகு ஒன்றே என்பதால் தவறு கண்ணில் படாது. நம் கம்பியை இழுக்கிறோம், யாரும் அழுத்தவில்லை. 'இழுக்கும்போது எப்படி அண்ணா அழுத்தம் வரும்?' என்று பையன் கேட்டால் அவன் கேட்பதில்தான் நியாயம். ஈல்டு என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் முதலில் வருவது விளைச்சல். கம்பியில் என்ன விளையும்?

இன்னொன்று, கலைச்சொல் ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டுப் பாடநூலில் வேகம் என்றால் ஸ்பீடு, திசைவேகம் என்றால் வெலாசிட்டி. இலங்கைப் பாடநூலில் வேகம்தான் வெலாசிட்டி, ஸ்பீடுக்கு அங்கே கதி என்று பெயர். நம் முடுக்கம் அங்கே ஆர்முடுகல். யாழ்ப்பாணத்து ஆசிரியர் எழுதிய அருமையான குறிப்பைத் திருச்சி மாணவன் படித்தால், வேகம் என்ற சொல் புதிதாகத் தெரியாமலே அதன் பொருள் மாறிப்போகும்.

முழுத் தமிழே சரியான வழியாக இருப்பவர்களும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. அதில் சேர்ந்து தமிழிலேயே பரீட்சை எழுதுபவருக்குத் தகைவும் திரிபும்தான் வேண்டும். அவருக்கு இந்தக் கட்டுரையின் தீர்ப்பு பொருந்தாது.

மூன்றாவது, பையன் கேட்ட வழி. அன்று நான் சொன்னது ஏறக்குறைய இப்படி:

"கம்பியை 30 கிலோ நியூட்டனில் இழுக்கிறோம். கம்பி அறுந்து விழாமல் இருக்க வேண்டுமென்றால் உள்ளே ஏதோ ஒன்று அதே அளவுக்குப் பிடித்து நிற்க வேண்டும். அந்தப் பிடியை, கம்பியின் குறுக்குவெட்டு முழுவதும் சமமாகப் பங்கு போட்டால் ஒரு சதுர மி.மீ. தலையில் எவ்வளவு விழுகிறதோ அதுதான் ஸ்ட்ரெஸ். 20 மி.மீ. விட்டத்துக்குப் பரப்பு 314 சதுர மி.மீ. 30,000-ஐ 314-ஆல் வகுத்தால் 95.5. லோடு அதே அளவில் இருந்து கம்பி தடிமனானால் பங்காளிகள் கூடுவார்கள், ஸ்ட்ரெஸ் குறையும். நீண்டது எவ்வளவு என்பதை முதலில் இருந்த நீளத்தால் வகுத்தால் ஸ்ட்ரெய்ன். இந்த இரும்புக்கு ஸ்ட்ரெஸ்ஸை ஸ்ட்ரெய்னால் வகுத்தால் எப்போதும் 2,00,000 வரும், அதுதான் யங்ஸ் மாடுலஸ். அப்படியானால் ஸ்ட்ரெய்ன் 0.000478. அதை 2,000 மி.மீ.ஆல் பெருக்கு."

கணக்காக எழுதினால்:

```
σ = P/A  = 30000/314.16  = 95.5 N/mm²
ε = σ/E  = 95.5/200000   = 0.000478
δ = ε·L  = 0.000478×2000 ≈ 0.96 mm
```

3 டன் தொங்கியும் ஒரு மி.மீ. கூட நீளவில்லை. பையன் நம்பவில்லை, இரண்டு முறை போட்டுப் பார்த்தான். "எப்போதும் 2,00,000 வருமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. மைல்டு ஸ்டீலில் ஸ்ட்ரெஸ் 250-ஐ நெருங்கும் வரைதான் அந்தக் கணக்கு. அதற்கு மேல் இழுத்தால் கம்பி விட்டுக்கொடுத்துவிடும், விட்ட பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பாது. அதுதான் ஈல்டு. இந்தக் கம்பிக்கு அது 78.5 கிலோ நியூட்டன், கிட்டத்தட்ட 8 டன். 'விட்டுக்கொடுத்தல்' என்று தமிழில் சொல்லிவிட்டு ஈல்டு என்ற பெயரை அப்படியே வைத்தபோது அது அவனுக்குப் பிடிபட்டது. விளைச்சல் என்று சொல்லியிருந்தால் பிடிபட்டிருக்காது.

சரி, இந்த வழி எப்போதும் வெல்லுமா? இல்லை. இதற்கென்றே ஒரு கெட்டுப்போன வடிவம் உண்டு, அதுதான் கல்லூரிகளில் அதிகம் புழங்குகிறது: 'எக்ஸ்டர்னல் லோடு அப்ளை பண்ணினா இன்டர்னல் ரெஸிஸ்டன்ஸ் டெவலப் ஆகும், அதனால ஸ்ட்ரெஸ் இண்டியூஸ் ஆகும், மெட்டீரியல் டிஃபார்ம் ஆகும்.' கேட்கத் தமிழ் மாதிரிதான் இருக்கிறது. இங்கிலீஷ் சொற்களை விரலால் மறைத்துப் பாருங்கள், 'பண்ணினா, ஆகும், அதனால, ஆகும், ஆகும்' என்றுதான் மிஞ்சும். முழு இங்கிலீஷில் பையனைத் தடுத்த அதே இண்டியூஸ், 'ஆகும்' என்ற வாலோடு வந்து உட்கார்ந்திருக்கிறது. என் விளக்கத்திலும் அப்படி மறைத்துப் பார்த்தேன். இழுக்கிறோம், பிடித்து நிற்கிறது, பங்கு போடுகிறோம், வகுக்கிறோம், விட்டுக்கொடுக்கிறது என்று நடப்பது எல்லாம் மிஞ்சியது. பெயர்கள் மட்டும்தான் காணாமல் போயின.

ஆகவே 'டெர்ம்ஸ் மட்டும் இங்கிலீஷ்' என்று கேட்டால் போதாது, எது டெர்ம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். எனக்கு உதவும் அளவுகோல் எளிது. அதற்குக் குறியீடோ அலகோ இருக்க வேண்டும், அல்லது புத்தகத்தின் பின்பக்கப் பொருளடைவில் அது இருக்க வேண்டும். ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெய்ன், ஈல்டு பாயிண்ட் மூன்றும் இருக்கும். அப்ளை, டெவலப், இண்டியூஸ் எதுவும் இருக்காது, அவை தமிழுக்கு வந்துவிட வேண்டும். பையன் இப்போது கேட்கும் விதம் இது: "அண்ணா, பொருளடைவுல இருக்கற வார்த்தை மட்டும் இங்கிலீஷ்ல சொல்லுங்க. என்ன நடக்குது, ஏன் நடக்குதுங்கறத தமிழ்ல சொல்லுங்க. புதுப் பேரு வந்தா ஒரு வரி விளக்கிட்டுப் போங்க."

இங்கிலீஷ் பெயரை அப்படியே வைத்தாலும் ஓரிடத்தில் கவனம் வேண்டும். டென்ஷன், ஸ்ட்ரெஸ் இரண்டும் பேச்சுத் தமிழில் ஏற்கெனவே குடியேறிவிட்டன, வேறு பொருளோடு. கம்பி டென்ஷனில் இருக்கிறது என்றால் அது பதற்றமாக இருக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் டென்ஷன் என்றால் 'அதிகமான ஏதோ ஒன்று' என்ற நிழல் தங்கிவிடும். லேசாக இழுத்தாலும் டென்ஷன்தான் என்று ஒரு தடவை சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

எழுத்திலும் ஒரு சிக்கல். வாயால் சொல்லும்போது எந்தக் குறையும் தெரியாது. நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதினால் பெண்டிங் என்பது வளைவதா, பாக்கி நிற்பதா? டார்க் என்பது முறுக்குவிசையா, இருட்டா? அதனால் நோட்டில் டெர்மை மட்டும் ரோமன் எழுத்தில் எழுதச் சொல்கிறேன். பொருளடைவில் தேடவும் அப்போதுதான் முடியும்.

மூன்றாம் வழியின் பெரிய ஓட்டை பரீட்சையில் தெரியும். பாடம் முழுக்கப் புரிந்த பையன் முதல் உள்தேர்வில் ஹூக் விதியை எழுத முடியாமல் திரும்பினான். ஸ்ட்ரெஸ் தெரியும், ஸ்ட்ரெய்ன் தெரியும், நேர்விகிதம் என்பதும் தெரியும். 'டைரக்ட்லி ப்ரொபோர்ஷனல் டு' என்ற கோர்வைதான் கைக்கு வரவில்லை. தமிழ் விளக்கம் அதைக் கற்றுத்தராது. முழு இங்கிலீஷ் வழிக்கு மிச்சம் இருக்கும் நியாயம் இது ஒன்றுதான், அதைப் புறந்தள்ள முடியாது.

அதனால் இப்போது வரிசையை மாற்றிக்கொண்டோம். முதலில் தமிழில் விளக்கம், பிறகு கணக்கு, கடைசியில் அதே விஷயத்துக்குப் புத்தகத்தில் உள்ள ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியம். அதை அவன் பார்க்காமல் எழுத வேண்டும். போன வாரம் ஈல்டு பாயிண்ட்டுக்கு எழுதிக் காட்டினான். 'சப்ஜெக்டட் டு' சரியாக வந்திருந்தது. ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்து குறைந்தது.