ஆவர்த்தனப் பண்புகளுக்கு ஒரே பக்கம்: அம்புக்குறியா, அட்டவணையா, வரைபடமா?

பிளஸ் ஒன் வேதியியலில் தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாட்டுக்கு ஒரு பக்கத் திருப்புதல் தாள் தயாரிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். வெற்று ஆவர்த்தன அட்டவணை மேல் அம்புக்குறி போடுவது ஒன்று. பண்புகளை வரிசையாக எழுதி எதிரே 'கூடும், குறையும்' என்று நிரப்புவது இன்னொன்று. அயனியாக்கும் ஆற்றலின் வரைபடத்தை நடுவில் வரைந்து, சுற்றிலும் காரணங்களை எழுதுவது மூன்றாவது. எதில் நேரம் போடலாம் என்பதை, அடிக்கடி வரும் கேள்விகளை வைத்தே பார்த்துவிடலாம்.

முதல் கேள்வி: நைட்ரஜனின் முதல் அயனியாக்கும் ஆற்றல் ஆக்சிஜனுடையதைவிட அதிகம், ஏன்?

அம்புக்குறித் தாள் இங்கே கைவிடுவதோடு நிற்காமல், தவறான பக்கத்தையும் காட்டிவிடும். இடமிருந்து வலம் போகப் போகக் கூடும் என்கிறது அம்பு. அப்படியானால் ஆக்சிஜனுக்குத்தானே அதிகம் இருக்க வேண்டும்? அட்டவணையும் இதையேதான் சொல்லும். 'விதிவிலக்கு: N, O' என்று ஓரத்தில் குறித்திருந்தாலும், 'ஏன்' என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பில் மதிப்பெண் இல்லை.

வரைபடத் தாளில் இரண்டாம் வரிசை எட்டுத் தனிமங்களையும் கீழே எழுதி, மதிப்புகளைப் புள்ளியாக வைத்து இணைக்க வேண்டும். மோலுக்குக் கிலோஜூலில் Li 520, Be 899, B 801, C 1086, N 1402, O 1314, F 1681, Ne 2081. கோடு ஏறிக்கொண்டே போய் B-யிலும் O-விலும் மட்டும் சறுக்கும். அந்த இரண்டு பள்ளங்களுக்கு அடியில் எலக்ட்ரான் அமைப்பை எழுதிவிட்டால் பதில் கையில் இருக்கிறது. போரானில் வெளியேறுவது 2p எலக்ட்ரான். அது 2s-ஐவிட ஆற்றல் கூடியது, 2s எலக்ட்ரான்களின் திரைமறைப்பும் அதற்கு உண்டு; எனவே எளிதில் போய்விடுகிறது. நைட்ரஜனில் 2p³, சரிபாதி நிரம்பியது, மூன்றும் தனித்தனி ஆர்பிட்டாலில் இருக்கின்றன. ஆக்சிஜனின் 2p⁴-இல் ஒரு ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்திருப்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஒன்றை எடுப்பது சுலபம்.

மூன்றாம் வரிசைக்குத் தனியாக வரைய வேண்டியதில்லை. Mg 738-இலிருந்து Al 578-க்கும், P 1012-இலிருந்து S 1000-க்கும் அதே இடங்களில்தான் சறுக்குகிறது. கந்தகத்தின் சறுக்கல் வெறும் 12 என்பதால் அளவுகோலோடு வரைந்தால் கண்ணுக்கே தெரியாது. கொஞ்சம் மிகைப்படுத்தி வரையுங்கள், இது உங்கள் தாள்தானே.

இரண்டாவது கேள்வி: O²⁻, F⁻, Na⁺, Mg²⁺ ஆகியவற்றை ஆர அளவில் வரிசைப்படுத்துக.

அம்புக்குறியை நம்பினால் சோடியம் மூன்றாம் வரிசை, ஆகவே பெரியது என்று தோன்றும். அம்புகள் நடுநிலை அணுக்களுக்கானவை. இந்த நான்குக்கும் எலக்ட்ரான் 10. புரோட்டான் 8, 9, 11, 12. புரோட்டான் கூடக்கூட அதே 10 எலக்ட்ரான்களை உள்ளே இழுக்கும் பலம் கூடுகிறது, ஆரம் குறைகிறது: O²⁻ > F⁻ > Na⁺ > Mg²⁺. இதற்கு வரைபடமும் நேராக உதவாது. எந்தத் தாள் என்றாலும் இந்த ஒரு வரியைத் தனியாக எழுதியே ஆக வேண்டும்.

மூன்றாவது: இரண்டாம் அயனியாக்கும் ஆற்றல் Na-வுக்கு 4562, Mg-வுக்கு 1451. ஏன் இவ்வளவு இடைவெளி? ஒரு எலக்ட்ரானை இழந்த Na⁺ நியானின் அமைப்பில் நிற்கிறது, Mg⁺ சோடியத்தின் அமைப்பில். வரைபடத்தில் Ne உச்சியில் இருப்பதும், அதை அடுத்து Na சரேலென்று 496-க்கு இறங்குவதும் தெரிந்தவருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அதே உச்சியும் அதே இறக்கமும் ஒரு இடம் வலப்பக்கம் தள்ளி வந்திருக்கின்றன.

ஆக என் ஓட்டு வரைபடத்துக்கு. ஆனால் அது எல்லாவற்றையும் சுமக்காது. ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு அம்புக்குறிதான் வேகம். அதனால் தாளின் மேல் கால் பங்கில் சிறிய கட்டம் வரைந்து, அணு ஆரத்துக்கு ஒரே ஒரு சாய்வு அம்பு போடுங்கள்: வலது மேல் மூலையிலிருந்து இடது கீழ் மூலைக்கு. அம்பின் நுனி எப்போதும் 'கூடும்' பக்கம். அயனியாக்கும் ஆற்றலும் எலக்ட்ரான் கவர்தன்மையும் அதற்கு நேர் எதிர் என்று ஒரு வரி போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்பு போட்டால், தேர்வு அறையில் எது எந்தப் பக்கம் என்று குழம்பும்.

பாதிப் பக்கம் வரைபடத்துக்கு. மிச்சம் கால் பங்கில் இரண்டே வரிகள்: மேலே சொன்ன அயனி வரிசை, எலக்ட்ரான் நாட்டத்தில் குளோரின் (349) ஃபுளூரினை (328) முந்துவது. ஃபுளூரின் மிகச் சிறிய அணு. அதன் 2p-யில் ஏற்கனவே நெருக்கியடித்திருக்கும் எலக்ட்ரான்கள் புதிதாக வருவதை விலக்குகின்றன.

முழு அட்டவணை வகைக்கு இந்தத் தாளில் நான் இடம் ஒதுக்கவில்லை. பார்க்க அழகாக இருக்கும். மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னால், 'கூடும்' எத்தனை, 'குறையும்' எத்தனை என்பதில்தான் முதலில் தடுமாற்றம் வரும்.