ரியாக்ட் தெரிந்தவர் மொபைலுக்கு: மூன்று வழிகளில் எது கைகொடுக்கும், எது புதிது?

பாலக்கோட்டில் மாமாவின் தக்காளி மண்டிக்கு ரியாக்டில் ஒரு பில் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். விவசாயி பெயர், பெட்டி எண்ணிக்கை, விலை, கமிஷன் போக மிச்சம், அவ்வளவுதான். மண்டிக் கம்ப்யூட்டரில் ஓடியவரை தொல்லை இல்லை. மாரண்டஹள்ளி தாண்டி மலையோரத் தோட்டங்களில், வண்டி ஏற்றும்போதே போனில் பதியத் தொடங்கியதும் சிக்கல் வந்தது. சிக்னல் போய்ப்போய் வரும் இடம். சேமி பட்டன் சுற்றிக்கொண்டே இருக்க, தம்பி மூன்று தடவை அழுத்தியிருக்கிறான். சாயங்காலம் பார்த்தால் அதே 42 பெட்டி மூன்று பதிவாக நிற்கிறது. தகவல் சர்வருக்குப் போய்விட்டது, பதில்தான் திரும்பி வரவில்லை.

இதற்கு மருந்து மொபைலில் மட்டும் இல்லை, சர்வரிலும் இருக்கிறது. பதிவுக்கான ஐடியைப் போனிலேயே ஒரு யுயுஐடியாக உருவாக்கி, மறுபடி அனுப்பும்போதும் அதே ஐடியை அனுப்ப வேண்டும். போஸ்ட்கிரெஸில் இப்படி:

```sql
INSERT INTO pathivu (id, vivasayi, petti, vilai)
VALUES ($1, $2, $3, $4)
ON CONFLICT (id) DO NOTHING;
```

எந்த வழியில் போனாலும் இந்தச் சர்வர் வேலை அப்படியே கூட வரும். வெப் டெவலப்பரின் பெரிய சொத்து இதுதான்.

சரி, வழிகளுக்கு வருவோம். முதல் வழி, இருக்கிற வெப் பக்கத்தையே போனில் ஆப் போல நிறுவக்கூடிய பி.டபிள்யூ.ஏ. ஆக்குவது. பக்கத்தைச் சர்வீஸ் ஒர்க்கர் போனில் வைத்துக்கொள்ளும், பதிவுகள் `IndexedDB`-யில் தங்கும். புது மொழி எதுவும் வேண்டாம், ஒரு வாரத்தில் ஆகிற வேலை. ஆனால் யாராவது குரோமில் சைட் டேட்டாவை அழித்தால், அனுப்பாமல் நின்ற பதிவுகளும் சேர்ந்து போய்விடும். இன்னொரு தடை பில் பிரிண்டர். கடைகளில் இருக்கும் மலிவான தெர்மல் பிரிண்டர்கள் பலவும் பழைய வகை புளூடூத்தில் பேசுபவை. பிரவுசரின் வெப் புளூடூத், பி.எல்.ஈ. என்ற குறைந்த மின்சக்தி வகையோடு மட்டும்தான் பேசும். தோட்டத்திலேயே சீட்டு கிழித்துக் கொடுக்க வேண்டும் என்று மாமா சொன்னதும் நான் இந்த வழியை விட்டேன். பிரிண்டர் தேவையில்லாத மண்டி என்றால் இதையே போதும் என்பேன்.

இரண்டாவது வழி ரியாக்ட் நேட்டிவ். அதில் ஹூக்ஸ், `fetch`, கமிஷன் கணக்குப் போடும் ஃபங்ஷன் எல்லாம் அப்படியே வரும். திரைதான் புதிது. `<div>` கிடையாது, எழுத்து எதுவானாலும் `<Text>`-க்குள் இருக்க வேண்டும். ஃபிளெக்ஸ்பாக்ஸ் உண்டு, ஆனால் சொல்லாவிட்டால் மேலிருந்து கீழாக அடுக்கும். `localStorage` இல்லை. பதிவுகளை `expo-sqlite`-இல் வைத்தேன். பிரிண்டருக்கு நேட்டிவ் மாட்யூல் தேவைப்படுவதால் எக்ஸ்போ கோ என்ற ஆயத்த சோதனை ஆப் போதாது, அந்த மாட்யூலைச் சேர்த்து நாமே டெவலப்மென்ட் பில்ட் எடுக்க வேண்டும்.

இங்கே நான் இரண்டு நாள் தொலைத்த ஒரு இடம் உண்டு. ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் `localhost` என்றால் அது எமுலேட்டரையே குறிக்கும். நம் கம்ப்யூட்டரைப் பிடிக்க `10.0.2.2` என்று கொடுக்க வேண்டும். அதைச் சரி செய்து, டெஸ்ட் சர்வரின் `http` முகவரியையும் போட்டு ஓட்டினேன், நன்றாக ஓடியது. ரிலீஸ் ஏபிகே எடுத்துத் தம்பி போனில் போட்டதும் `Network request failed`. ஆண்ட்ராய்டு 9 முதல் வெறும் `http` இயல்பாகவே தடுக்கப்படுகிறது. டெபக் பில்டில் அதற்கு விலக்கு இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. சர்வரை `https`-க்கு மாற்றுவதுதான் சரியான தீர்வு.

மூன்றாவது வழியான ஃப்ளட்டர் திரையைத் தானே வரைவதால் எல்லாப் போனிலும் ஒரே மாதிரி இருக்கும், அது எனக்குப் பிடிக்கும். ஆனால் அதன் மொழியான டார்ட்டில் கமிஷன் கணக்கை மறுபடி எழுத வேண்டும். நாளைக்குக் கமிஷன் மாறினால் வெப்பில் ஒரு தடவை, ஆப்பில் ஒரு தடவை திருத்த வேண்டும். வெப் பக்கமும் தொடர்ந்து ஓடப்போகிறது என்றால் இந்த இரட்டை வேலை வேண்டாம்.

ரியாக்ட் நேட்டிவ், ஃப்ளட்டர் இரண்டிலும் உண்மையில் புதிதாகக் கற்க வேண்டியது மொழி அல்ல. வெப்பில் இன்று மாற்றினால் இன்றே எல்லாருக்கும் மாறிவிடும். ஆப்பில் பழைய வெர்ஷன் போன்களில் மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் ஏபிஐயில் ஒரு ஃபீல்டின் பெயரைக்கூடச் சட்டென்று மாற்ற முடியாது. அப்புறம் ஆப் நம்முடையதுதான் என்று கையெழுத்திடும் சைனிங் கீ. ஏபிகேயை நேரடியாகக் கொடுக்கிறீர்கள் என்றால் அந்தக் கீயைத் தொலைத்துவிடக் கூடாது. தொலைந்தால் பழைய ஆப்மேல் புதியதை ஏற்ற முடியாது, அழித்துவிட்டுத்தான் போட வேண்டும், அனுப்பாத பதிவும் போகும். பிளே ஸ்டோர் என்றால் ஒரே தடவை 25 டாலர். புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்கலாம்.

ஆகவே கற்கும் வரிசையில் முதலில் போனுக்குள் சேமிப்பதும் திரும்ப அனுப்புவதும், பிறகு திரைகள், பிறகு ரிலீஸ் பில்ட், கடைசியில் பிரிண்டர். முதல் படி முடிந்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஏரோபிளேன் மோடில் ஐந்து பதிவு போடுங்கள். ஆப்பைத் தள்ளி மூடிவிட்டு மறுபடி திறங்கள், ஐந்தும் இருக்க வேண்டும். நெட்டைப் போட்டு, அனுப்பும் நடுவில் மறுபடி அணையுங்கள், பிறகு போடுங்கள். சர்வரில் ஐந்துதான் இருக்க வேண்டும், ஆறு இருந்தால் ஐடி எங்கோ புதிதாக உருவாகிறது.