சுவர் இருப்பா, பிளாங்கா, பாலமா? புதிதாகத் தொடங்குபவர் எதை, எத்தனை விநாடி பிடிப்பது

சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரை இல்லாமலே கதிரையில் இருப்பது போல அசையாமல் இருப்பதுதான் சுவர் இருப்பு. தசை நீளாமலும் சுருங்காமலும் ஒரே நிலையில் பாரத்தைத் தாங்கும் பயிற்சிகளில் வீட்டில் செய்ய மிகச் சுலபமானது இதுதான். பிளாங்கும் பாலமும் சுவர் இல்லாத அரைக்குந்தலும் இதே இனம். எல்லாமே அசையாமல் நிற்பவை என்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொன்றும் வேறு தசையைப் பிடிக்கிறது, தோற்கும்போதும் வேறு இடத்தில் தோற்கிறது. எத்தனை விநாடி என்பதை அந்தத் தோற்கும் இடம்தான் சொல்ல வேண்டும்.

சுவர் இருப்பில் வேலை முழுக்க முன்தொடைக்கு. உடலைச் சுவர் முன்னோக்கித் தள்ளுகிறது, பாதம் வழுக்காமல் நிலம் அதைத் திருப்பித் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவில் முழங்கால் மடிந்துவிடாமல் காப்பது முன்தொடைத் தசை. முதுகைச் சுவர் தாங்குவதால் நாரிக்கும் வயிற்றுக்கும் பெரிய வேலை இல்லை. பிட்டத்துக்கும் கொஞ்சம்தான். ஆகவே நாரி பலம் பெற வேண்டும் என்று சுவர் இருப்புச் செய்பவர் தவறான கதவைத் தட்டுகிறார்.

அரைக்குந்தலில் சுவர் இல்லை. உடல் முன்னே சாய, பிட்டமும் நாரித் தசைகளும் சேர்ந்து இழுக்கின்றன, சமநிலையும் வேண்டும். பலன் அகலமானது, ஆனால் புதியவருக்கு 10 முதல் 15 விநாடியிலேயே நிலை குலையும். குதி நிலத்தை விட்டு எழும்பினால் அந்தச் சுற்று முடிந்தது. சுவர் இருப்பு ஒரு மாதம் பழகிய பிறகு இதற்கு வருவது நல்லது.

பாலம் பின்பக்கத்துக்கானது. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, இடுப்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். 15 முதல் 20 விநாடி, 4 தடவை போதும். பின்தொடையில் குறண்டல் பிடித்தால் பாதம் தூரத்தில் இருக்கிறது. குதியைப் பிட்டத்துக்கு ஒரு சாண் அளவுக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். நாரி நொந்தால் இடுப்பை அளவுக்கு மேல் தூக்கிவிட்டீர்கள்.

குப்புற இருந்து, முழங்கைகளிலும் கால்விரல்களிலும் ஊன்றி உடலை நேராகத் தாங்கிப் பிடிப்பது பிளாங்க். பிளாங்கில்தான் நேரப் போட்டி அதிகம், பிழையும் அங்கேதான் அதிகம். வயிற்றுத் தசை களைத்ததும் இடுப்பு கீழே தொய்கிறது. அதன்பின் உடலைத் தாங்குவது தசையல்ல, நாரி முள்ளெலும்பின் மூட்டுகளும் இணைப்பு நார்களும். ஆகவே ஒரு நிமிடம் தொய்ந்து கிடப்பதைவிட, 10 விநாடி இறுக்கிப் பிடித்து, முழங்காலை நிலத்தில் வைத்து மூச்சு எடுத்து, மறுபடி 10 விநாடி என 6 தடவை செய்வது மேல். முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மக்கில் இப்படியான 10 விநாடிப் பிடிப்புகளைத்தான் பரிந்துரைக்கிறார்.

இனிச் சுவர் இருப்புக்கு வருவோம். இதில் பாரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணி நேரம் அல்ல, உயரம். பிட்டம் கதிரை இருக்கையின் மட்டத்தில் இருந்தால் முழங்கால் ஏறத்தாழ 90 பாகை. அதிலிருந்து ஒரு சாண் மேலே ஏறினால் 120 பாகைக்குக் கிட்ட வரும். ஒரு சாணும் நாலு விரலும் ஏறினால் 135. உயரே போகப் போகக் குதியைச் சுவருக்குக் கிட்டக் கொண்டுவந்து, கீழ்க்காலை எப்போதும் நேராக நிறுத்துங்கள். முதல் நாளே 90 பாகையில் இறங்குவதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. 20 விநாடியில் தொடை நடுங்கி, முழங்கால் சிப்பியைச் சுற்றி நோ தொடங்கி, பயிற்சியே வெறுத்துப் போகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஐம்பது வயது, நாள் முழுக்கக் கதிரையில் இருந்து செய்யும் வேலை, முழங்காலில் பழைய நோ எதுவும் இல்லை. முதல் நாள் ஒரு சாண் உயரத்தில் இருந்து, விநாடிகளைச் சத்தமாக எண்ணுகிறார். எண்ணும் குரல் உடைகிற இடம் 48 என்று வைப்போம். அதில் ஏறத்தாழப் பாதியை எடுத்து, 25 விநாடி, 4 சுற்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. கிழமைக்கு 3 நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். குரல் உடையாமல் நாலாவது சுற்றும் முடிந்தால் அடுத்த கிழமை 5 விநாடி கூட்டலாம். 4 சுற்றும் ஒரு நிமிடம் நிலைத்த பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது.

தொடைப் பலம் வேண்டுமானால் மூன்று விரல் அளவு கீழே இறங்கி, நேரத்தை 40 விநாடிக்குக் குறைத்து மறுபடி ஏறுங்கள். பிடித்து நிற்கும் கோணத்திலும் அதற்கு அண்டிய கோணங்களிலும்தான் பலம் நன்றாகக் கூடும். ஒரு சாண் உயரத்திலேயே மாதக்கணக்காக இருப்பவருக்கு, கிணற்றடியில் குந்தியிருந்து எழும்புவது அவ்வளவாகச் சுலபமாகிவிடாது.

பிரஷர் குறைய வேண்டுமானால் எதிர்த் திசை: ஒரு சாணும் நாலு விரலும் உயர ஏறி, நேரத்தை 2 நிமிடம் வரை நீட்டுங்கள். 2023இல் பிரிட்டிஷ் ஜேர்னல் ஒவ் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் வந்த, 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசலில், அசையாப் பயிற்சி சராசரியாக மேல் அளவை 8, கீழ் அளவை 4 மில்லிமீற்றர் குறைத்தது. மேல் அளவைக் குறைப்பதில் சுவர் இருப்பே முன்னணியில் நின்றது. அங்கே வழமையான முறை 2 நிமிடம், 4 சுற்று, கிழமைக்கு 3 நாள். அந்த 2 நிமிடத்தைக் கேட்டுவிட்டு 90 பாகையில் முயல்வதுதான் தவறு. சுவர் இருப்பை வைத்து நடந்த ஆய்வுகளில் அவரவர் தாங்கும் கோணத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். குளிசையை இதற்காக நிறுத்தக் கூடாது. பிரஷர் கட்டுக்குள் வராதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கண்ணில் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் கிளினிக்கில் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். அசையாமல் பிடிக்கும் அந்த நேரத்தில் பிரஷர் ஏறும், மூச்சை அடக்கினால் இன்னும் ஏறும். சத்தமாக எண்ணச் சொன்னது இதற்காகவும்தான்: எண்ணுகிறவர் மூச்சை அடக்க முடியாது.

இடத்தையும் பாருங்கள். மினுக்கிய சிவப்புச் சீமெந்து நிலத்திலும் ரைல்ஸிலும் காலுறையுடன் நின்றால் பாதம் முன்னே வழுக்கும். பாய் விரித்தால் பாயே வழுக்கும். வெறுங்காலைத் துடைத்துவிட்டு நில்லுங்கள். சுவரும் கணக்கை மாற்றும். சொரசொரப்பான பூச்சுச் சுவரும் வியர்த்த முதுகும் உடலைப் பிடித்துவைப்பதால் பாரத்தில் ஒரு பங்கு சுவருக்குப் போகிறது. விறாந்தைச் சுவரில் 60 விநாடி இருந்தவர் ரைல்ஸ் பதித்த சுவரில் 45இல் விழுந்தால் பலம் குறைந்ததாக எண்ண வேண்டாம். ஒரே சுவரில், ஒரே உடுப்பில், வெயில் ஏற முன் செய்தால்தான் கொப்பியில் எழுதும் விநாடிகள் ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்க உதவும்.

முழங்கால்கள் உள்ளே சரிந்தாலோ, கைகள் தொடையில் ஊன்றத் தேடினாலோ நேரம் முடிந்துவிட்டது. தொடை எரிவது இயல்பு. முழங்கால் சிப்பிக்கு அடியில் குத்தினால் அப்போதே இரண்டு விரல் உயர ஏறுங்கள், அதற்குப் பிறகும் குத்தினால் அன்றைக்கு நிறுத்துங்கள். முடிக்கும்போது கீழே சரியாமல், உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி மேலே வழுகி எழும்புங்கள். முதல் இரண்டு கிழமை பிட்டத்துக்கு அடியில் ஒரு சிறிய முக்காலியை வைத்துக்கொள்ளுங்கள். களைத்த தொடை முன்னறிவிப்பு இல்லாமல் விட்டுவிடும்.