சாய்ந்த கூம்பு வளைவு: அச்சைத் திருப்புவதா, வரையறையோடு பொருத்துவதா?

சமன்பாட்டில் xy உறுப்பு இல்லையென்றால் பேச்சே இல்லை. x-ஐயும் y-ஐயும் தனித்தனியாக முழு வர்க்கமாக்கி, திட்ட வடிவத்துக்குக் கொண்டுவந்து, குவியம், இயக்குவரை, மையத்தொலைத்தகவு மூன்றையும் வாசித்துவிடலாம். அங்கே வேறு வழி தேடுவது வீண் வேலை. xy உறுப்பு வந்து வளைவு சாய்ந்து நிற்கும்போதுதான் எந்த வழியில் போவது என்ற கேள்வி எழுகிறது.

பாடநூல்கள் பழக்கும் வழி, அச்சுகளைச் சுழற்றி xy-ஐ ஒழிப்பது. இன்னொரு வழி, குவியம்-இயக்குவரை வரையறையையே எழுதி, கொடுத்த சமன்பாட்டோடு கெழுவுக்குக் கெழு பொருத்துவது. இரண்டுக்கும் ஒரே கணக்கைக் கொடுத்துப் பார்ப்போம்:

5x² + 4xy + 8y² − 18x − 36y + 9 = 0

முதலில் சுழற்சி. x², xy, y² கெழுக்களை a, 2h, b என்று வைத்தால் tan 2θ = 2h/(a − b). இங்கே அது 4/(5 − 8) = −4/3. tan θ = t என்று எழுதினால் 2t² − 3t − 2 = 0; ஆகவே t = 2 அல்லது −1/2. குறுங்கோணத்தை எடுப்போம்: tan θ = 2, cos θ = 1/√5, sin θ = 2/√5. இனி x = (X − 2Y)/√5, y = (2X + Y)/√5 என்று பிரதியிட வேண்டும். இருபடி உறுப்புகள் 9X² + 4Y² ஆகின்றன. ஒருபடி உறுப்புகளில் Y அடிபட்டுப் போய் −(90/√5)X மட்டும் மிஞ்சுகிறது. முழு வர்க்கமாக்கினால்:

(X − √5)²/4 + Y²/9 = 1

நீள்வட்டம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் பலர் சறுக்கும் இடமும் இதுதான். X-இன் கீழே இருப்பதை a² என்று எழுதும் பழக்கத்தில் a² = 4, b² = 9 என்று போட்டால் e² = 1 − 9/4 என்று குறை எண் வரும். அப்போதாவது பிழை தெரியும். e² = 5/9 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, குவியங்களை மட்டும் X திசையில் வைப்பவர்களும் உண்டு. அந்தப் பிழை சத்தமே போடாது. விடை பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். உண்மையில் நெட்டச்சு Y திசையில் இருக்கிறது. அரை நெட்டச்சு 3, e = √5/3, மையத்திலிருந்து குவியம் √5 தூரம், இயக்குவரை 9/√5 தூரம்.

ஆகவே புதிய அச்சுகளில் குவியங்கள் (√5, ±√5), இயக்குவரைகள் Y = ±9/√5. இத்தோடு முடிந்தது என்று பேனாவை வைப்பது அடுத்த பிழை. கேட்டது பழைய x, y-இல். புள்ளிகளை முன்பு எழுதிய பிரதியீட்டிலேயே போடலாம்: (−1, 3), (3, 1). கோடுகளுக்கு நேர்மாறு வேண்டும்: Y = (−2x + y)/√5. இதனால் 2x − y + 9 = 0, 2x − y − 9 = 0. போகும்போது ஒரு சூத்திரம், திரும்பும்போது இன்னொன்று; குறி மாறுவதற்கு இரண்டு வாய்ப்பு.

இப்போது இரண்டாவது வழி. வளைவின் மேலுள்ள எந்தப் புள்ளிக்கும், குவியத்திலிருந்து உள்ள தூரம் இயக்குவரையிலிருந்து உள்ள தூரத்தின் e மடங்கு. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவின் பப்பஸ் எழுதிவைத்த பண்பு இது. வர்க்கப்படுத்தினால்:

(x − p)² + (y − q)² − e²(தூரம்)² = 0

இதுவும் நமது சமன்பாடும் ஒரே வளைவைக் குறித்தால், ஒன்று மற்றொன்றின் ஏதோ ஒரு மடங்காக இருக்க வேண்டும். அந்த மடங்கை k என்போம். இருபடி உறுப்புகளை மட்டும் பார்த்தால், x² + y² − k(5x² + 4xy + 8y²) என்பது ஒரு முழு வர்க்கமாக வேண்டும், ஏனென்றால் அது இயக்குவரையின் வர்க்கத்திலிருந்து வருவது. k = 1/λ என்று எழுதினால், முதலில் வைத்த a, 2h, b கெழுக்களில் நிபந்தனை எளிதாகிறது:

λ² − (a + b)λ + (ab − h²) = 0

நமது கணக்கில் λ² − 13λ + 36 = 0, அதாவது λ = 9 அல்லது 4. சுழற்றியபோது வந்த 9X² + 4Y²-இன் கெழுக்களேதான். கோணமே இல்லாமல் கிடைத்துவிட்டன.

எதை எடுப்பது? 4-ஐ எடுத்தால் மிஞ்சுவது −(x + 2y)²/4. e² குறை எண்ணாகிறது, தள்ளிவிடலாம். 9-ஐ எடுத்தால் (2x − y)²/9. இயக்குவரை 2x − y + n = 0 என்ற வடிவம் என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. (2x − y)²/5 தான் தூரத்தின் வர்க்கம் என்பதால் e² = 5/9. இந்த 5-ஐ மறந்து e² = 1/9 என்று எழுதுவதுதான் இந்த வழியின் முக்கியப் பொறி. சரிபார்க்க ஒரு வரி போதும்: எடுத்த மூலம் λ, விட்ட மூலம் μ என்றால் e² = 1 − μ/λ. இங்கே 1 − 4/9 = 5/9.

மீதியில் தெரியாதவை p, q, n மூன்றும்தான்.

(x − p)² + (y − q)² − (2x − y + n)²/9 ≡ (1/9)(கொடுத்த சமன்பாட்டின் இடப்பக்கம்)

x கெழுவிலிருந்து p = 1 − 2n/9. y கெழுவிலிருந்து q = 2 + n/9. மாறிலியிலிருந்து p² + q² − n²/9 = 1. முதல் இரண்டையும் மூன்றாவதில் போட்டால் n-இன் ஒருபடி உறுப்பு அடிபட்டு 5 − 4n²/81 = 1 ஆகிறது; n = ±9. n = 9 என்றால் குவியம் (−1, 3), இயக்குவரை 2x − y + 9 = 0. n = −9 என்றால் குவியம் (3, 1), இயக்குவரை 2x − y − 9 = 0.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, எந்தக் குவியத்துக்கு எந்த இயக்குவரை என்பது தானாகவே சோடி சேர்ந்து வருவது. சுழற்சி வழியில் இரண்டு புள்ளியும் இரண்டு கோடும் தனித்தனியாகக் கையில் கிடைக்கும். எது எதனோடு என்று நாம்தான் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

அதிபரவளையத்தில் ஆட்டம் கொஞ்சம் மாறுகிறது. λ-வின் இரண்டு மதிப்புகளும் எதிரெதிர்க் குறியில் இருப்பதால் இரண்டுமே e² > 1 என்று கொடுக்கும். குறியைப் பார்த்து ஒன்றைத் தள்ள முடியாது. xy = 2 என்பதை எடுத்துக்கொள்வோம்; λ = ±1/2. λ = 1/2 என்றால் இயக்குவரை x − y + n = 0 வடிவம்; p = −n, q = n; மாறிலியைப் பொருத்தினால் n² = −4. மெய்யெண் இல்லை, கதவு மூடிக்கொண்டது. λ = −1/2 என்றால் x + y + n = 0, p = q = −n, n² = 4. குவியங்கள் (2, 2), (−2, −2); இயக்குவரைகள் முறையே x + y = 2, x + y = −2; e = √2. தவறான தேர்வு கடைசிப் படியில் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

இதனால், அதிபரவளையத்தின் e-ஐ இருபடி உறுப்புகளை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. 4x² − y² = 1 என்பதற்கு e = √5; 4x² − y² = −1 என்பதற்கு e = √5/2. இருபடிப் பகுதி ஒன்றேதான், மாறிலியின் குறி மாறியதும் விடை மாறிவிட்டது. xy = 2-இல் இது தெரியாமல் போனதற்குக் காரணம், செவ்வக அதிபரவளையத்தில் இரண்டு மூலங்களுமே ஒரே e-ஐத் தருவதுதான்.

பரவளையத்தில் பொருத்தும் வழி இன்னும் சுருங்கிவிடும். 16x² + 24xy + 9y² + 10x − 180y + 25 = 0 என்பதில் ab − h² = 0, ஆகவே λ = 25 அல்லது 0. பூச்சியம் உதவாது. 25(x² + y²)-இலிருந்து இருபடி உறுப்புகளைக் கழித்தால் (3x − 4y)². இயக்குவரை 3x − 4y + n = 0. கெழுக்களிலிருந்து p = (−5 − 3n)/25, q = (90 + 4n)/25. மாறிலிச் சமன்பாட்டில் n² அடிபட்டு 325 + 30n = 25 என்று நிற்கிறது; n = −10. குவியம் (1, 2), இயக்குவரை 3x − 4y − 10 = 0, e = 1. n ஒன்றே ஒன்றுதான், குவியமும் ஒன்றே ஒன்றுதான். பரவளையத்துக்கு மையம் இல்லாததால், முதலில் மையத்தைக் கண்டுபிடித்து ஆதியை அங்கே நகர்த்தும் குறுக்குவழி இங்கே படுத்துவிடும். பொருத்தும் வழிக்கு அந்தக் கவலையே கிடையாது.

கோணம் அழகாக வராத கணக்குகளிலும் வித்தியாசம் தெரியும். இருபடிப் பகுதி 3x² + 2xy + y² என்றால் tan 2θ = 1, θ = 22.5°, cos θ = √(2 + √2)/2. மூலத்துக்குள் மூலம் வைத்துப் பிரதியிட வேண்டும். பொருத்தும் வழியில் λ = 2 + √2; இயக்குவரை x − (√2 + 1)y + n = 0 என்ற வடிவத்தில் வருகிறது.

அப்படியானால் சுழற்சிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. முனைகள், குற்றச்சின் நீளம், வரைபடம் எல்லாம் கேட்டால் (X − √5)²/4 + Y²/9 = 1 என்ற ஒரே வரியில் அத்தனையும் இருக்கின்றன; பொருத்தும் வழியில் ஒவ்வொன்றையும் தனியாகத் தேட வேண்டும். கேட்டது குவியம், இயக்குவரை, e மட்டும் என்றால் நான் பொருத்தும் வழிக்கே போவேன்.

அந்த வழியில் போகும்போது இரண்டு அறிகுறிகளைக் கவனிக்கலாம். a = b, h = 0 என்றால் இரண்டு λ-வும் ஒன்றாகி, முழு வர்க்கம் இருக்க வேண்டிய இடத்தில் பூச்சியம் நிற்கும்; அது வட்டம், இயக்குவரை கிடையாது. நீள்வட்டக் கணக்கில் n = 0 என்ற ஒரே மதிப்பு வந்து, குவியம் இயக்குவரையின் மேலேயே விழுந்தால், அது வளைவே இல்லை. நமது முதல் சமன்பாட்டில் 9-க்குப் பதில் 45 இருந்தால் அப்படித்தான் ஆகும்: (1, 2) என்ற ஒற்றைப் புள்ளிதான் மிஞ்சும்.