மிக்ஸி சூடு: மாவுக்கு ஐஸ் தண்ணீர், பொடிக்கு இடைவெளி

சித்திரை, வைகாசியில் மதுரையில் மத்தியான நேரம் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவது வெந்நீர்தான். அந்தத் தண்ணீரை ஊற்றி மிக்ஸியில் உளுந்து அரைத்தால், வழிக்கும்போது மாவு கையைச் சுடும். அப்படிச் சூடேறிய மாவு சரியாகப் பொங்காது. இட்லி தட்டையாக, கல்லு மாதிரி வரும். இதற்கு வீடுகளில் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, ஐஸ் தண்ணீர் ஊற்றி அரை. இன்னொன்று, நிறுத்தி நிறுத்தி அரை. வத்தல், மல்லி திரிக்கும்போதும் இதே பேச்சுதான் வரும்.

இரண்டுமே நல்ல வழிதான். ஆனால் இரண்டும் ஒரே சூட்டைத் தணிப்பதில்லை. ஐஸ் தண்ணீர் ஜாருக்குள் இருக்கும் மாவைக் காப்பாற்றும். மோட்டாருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. நிறுத்தி வைத்தால் மோட்டார் ஆறும், மாவு ஆறாது. பொடி என்று வந்தால் கணக்கே மாறிவிடும்.

மாவு: ஐஸ் தண்ணீரா, இடைவெளியா?

ஒரு ஈடு உளுந்தை வைத்துக் கணக்குப் பார்ப்போம். 100 கிராம் உளுந்து ஊறினால் இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடும். தண்ணீரும் சேர்ந்து அரை கிலோ மாவு என்று வைத்துக்கொள்ளலாம். மிக்ஸி 750 வாட்ஸ். அது எப்போதும் முழு வாட்ஸையும் இழுப்பதில்லை, இழுப்பதெல்லாம் மாவுக்குப் போவதும் இல்லை. பாதிதான் மாவில் சூடாக இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டாலும், மொத்தம் இரண்டு நிமிடம் ஓட்டினால் மாவின் சூடு 20-லிருந்து 25 டிகிரி ஏறிவிடும். தொட்டித் தண்ணீரில் 32 டிகிரியில் தொடங்கிய மாவு 55-ஐத் தொடும். ஃபிரிட்ஜில் ஊறிய உளுந்து, ஐஸ் தண்ணீர் என்று 7, 8 டிகிரியில் தொடங்கினால் 30 சொச்சத்தில் நிற்கும். மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு அந்த 30 சுகமான சூடு. 55-இல் அவை பிழைப்பது கஷ்டம்.

இப்போது இடைவெளி விட்டுப் பார்ப்போம். 55 டிகிரிக்கு ஏறிவிட்ட மாவை ஜாரோடு ஐந்து நிமிடம் வைத்தால் எவ்வளவு இறங்கும்? இரண்டு டிகிரி இறங்கினாலே அதிகம். கெட்டியான மாவு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே அடுப்படியும் அனலாக இருக்கும். அதனால் மாவைப் பொறுத்தவரை இடைவெளி என்பது ஏமாற்றம்தான். மாவுக்குக் குளிர்ந்த தொடக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

ஐஸ் கட்டியை முழுசாகப் போடுவதா, தண்ணீராக ஊற்றுவதா என்றும் கேட்பார்கள். உருகும் ஐஸ் தண்ணீரை விட நிறையச் சூட்டை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் முழுக் கட்டி பிளேடில் மோதும்போது ஜார் அதிரும், கெட்டி மாவில் அது ஒரு மூலையில் ஒதுங்கிச் சுற்றும். நன்றாக நொறுக்கிய ஐஸ் ஒரு கைப்பிடி, மீதி ஃபிரிட்ஜ் தண்ணீர் என்று கலந்து ஊற்றுவதையே நான் சொல்வேன். ஐஸும் தண்ணீர் கணக்கில்தான் சேரும் என்பதை மறக்காமல் ஊற்றும் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் மாவு நீர்த்துப்போகும்.

மூன்று டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, அரை ஸ்பூன் வெந்தயம் என்ற அளவு மிக்ஸிக்குச் சரியாக வரும். கிரைண்டரில் நாலுக்கு ஒன்று போடுகிறவர்கள்கூட மிக்ஸியில் மூன்றுக்கு ஒன்று போடுவது நல்லது, ஏனென்றால் இதில் உளுந்து அவ்வளவு உபரி கொடுக்காது. உளுந்தையும் வெந்தயத்தையும் ஃபிரிட்ஜிலேயே இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். அரிசி நாலு மணி நேரம் ஊறட்டும், கடைசி ஒரு மணி நேரம் அதுவும் ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

உளுந்தை இரண்டு ஈடாகப் பெரிய ஜாரில் போடுங்கள். பாதி ஜாருக்கு மேல் வேண்டாம். முதலில் கொஞ்சம் தண்ணீரோடு ஒன்றாம் நம்பரில் அரை நிமிடம். வழித்துவிட்டு, ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு, வேகத்தைக் கூட்டி முக்கால் நிமிடம். மறுபடி வழித்து இன்னொரு முக்கால் நிமிடம். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மிதந்தால் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஓட்டும் ஒவ்வொரு நொடியும் சூடுதான். அரிசியை மூன்று ஈடாக, சன்ன ரவை பதத்தில் நிறுத்தினால் போதும். நைசாக்கப் பார்த்தால் மாவும் மோட்டாரும் சேர்ந்து சுடும்.

அப்படியானால் இடைவெளி எதற்கு?

மோட்டாருக்கு. ஐந்து நிமிடம் ஓட்டினால் இரண்டு நிமிடம் ஓய்வு என்று பல மிக்ஸிகளின் கையேட்டில் போட்டிருக்கும். உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று பார்த்து அதன்படி நடங்கள். மேலே சொன்ன ஐந்து ஈடுகளில் வழிப்பதும் மாற்றுவதும் அந்த ஓய்வைத் தானாகக் கொடுத்துவிடும்.

மோட்டாரைக் குளிர்விக்கும் ஃபேன் அதே மோட்டார் தண்டில்தான் இருக்கிறது. கெட்டி மாவைப் போட்டு ஒன்றாம் நம்பரிலேயே நெடுநேரம் உறுமவிட்டால் பாரம் அதிகம், காற்று குறைவு. மிக்ஸிக்கு நோகாமல் மெதுவாக ஓட்டுகிறோம் என்று நினைத்து இதைச் செய்கிறவர்கள் நிறையப் பேர். ஒன்றில் தொடங்கலாம், அதிலேயே நிற்கக் கூடாது. கிராமத்துப் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போதும் இதே கதைதான். பல்பு மங்கினால் அரைப்பதைத் தள்ளிப்போடுங்கள். இன்னொன்று: அதிராமல் இருக்கட்டும் என்று அடியில் துணி மடித்துப் போடாதீர்கள், காற்று போகும் துளைகள் அங்கேதான் இருக்கின்றன.

மிக்ஸி தானாக நின்றுவிட்டால் ஓவர்லோடு சுவிட்ச் விழுந்திருக்கும். ப்ளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரமாவது ஆறவிட்டு, மாவில் பாதியை எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்துங்கள். ஆறுவதற்கு முன் திரும்பத் திரும்ப அழுத்தினால் மோட்டார் காயில் கருகும்.

மாவு குளுமை, ஜார் அடி மட்டும் கொதிக்கிறதே?

இது மூன்றாவது வகைச் சூடு. இதற்கு ஐஸும் உதவாது, இடைவெளியும் உதவாது. செல்லூரில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் ஒரு அண்ணன் ஜாரை வாங்கியதும் மூடியைக் கூடப் பார்க்க மாட்டார், கவிழ்த்துப் பிடித்து அடியில் இருக்கும் கப்ளரை விரலால் சுற்றுவார். “லேசாச் சுத்தணும்க்கா. இறுக்கமா இருந்தா புஷ் ஜாமு. லொடலொடன்னு ஆடுனா புஷ் தேஞ்சிருச்சு. ரெண்டுமே சூடுதான்” என்பார்.

பிளேடு தண்டு சுழலும் சின்ன உலோகக் குழல்தான் புஷ். அது இறுகினால் உரசிச் சுடும். தேய்ந்தால் மாவு தண்ணீர் கீழே கசியும், மோட்டாருக்குள்ளும் இறங்கும். ஜாரின் அடியில் கறுப்பாக மை மாதிரி ஈரம் தெரிந்தால், அல்லது வெள்ளை மாவில் சாம்பல் கோடு ஓடினால் புஷ் போய்விட்டது என்று அர்த்தம். அந்த ஜாரில் அரைப்பதை அப்போதே நிறுத்துங்கள். ரப்பர் தீய்ந்த மாதிரி வாடை வந்தால் பெரும்பாலும் கப்ளர் பல் தேய்ந்து வழுக்குகிறது. சோதிக்கும்போது ஜார் மிக்ஸியில் இருக்கக் கூடாது. வழிப்பதற்குக் கை விடும் முன்னும் சுவரில் சுவிட்சை அணைத்து ஜாரைக் கழற்றிவிடுங்கள்.

பொடி: இங்கே ஐஸ் தோற்கும்

மாவில் தண்ணீர் இருக்கிறது, அது சூட்டை வாங்கிக்கொண்டு மெதுவாகத்தான் ஏறும். வத்தல் பொடியில் அந்தத் தண்ணீர் இல்லை, எடையும் குறைவு. 100 கிராம் வத்தல் ஒரு நிமிடத் தொடர் ஓட்டத்திலேயே கைபொறுக்காத சூட்டுக்குப் போய்விடும். மிளகு, சீரகம், மல்லியின் வாசம் எண்ணெயாக உள்ளே இருப்பது. சூடேறினால் அது ஆவியாகப் போகும். அரைக்கும்போது வீடே மணந்து, மூன்று வாரத்தில் டப்பாவில் வாசமே இல்லை என்றால் காரணம் இதுதான்.

சரி, மசாலாவையும் ஃபிரிட்ஜில் வைத்து அரைக்கலாமா? வேண்டாம். குளிர்ந்த மல்லியை வெளியே எடுத்ததும் அதன்மேல் காற்றின் ஈரம் படியும், பொடி பிளேடுக்கடியில் கட்டிபிடிக்கும். அதே போல மாடியில் காயவைத்த வத்தலைச் சுடச்சுட அள்ளி வந்தும் போடக் கூடாது. நிழலில் ஆறட்டும், ஆறிய பிறகும் ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும்.

பொடிக்கு ஜெயிப்பது இடைவெளிதான். மாவுக்கு ஏமாற்றிய அதே இடைவெளி இங்கே வேலை செய்யும், ஏனென்றால் பொடியைத் தட்டில் மெலிசாகப் பரப்பினால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஆறிவிடும். ஜாருக்குள்ளேயே மூடிவைத்துக் காத்திருந்தால் ஆறாது.

கால் கிலோ முண்டு வத்தலை மூன்று ஈடாகப் பிரியுங்கள். அதன் தோல் தடிப்பு, விதையும் அதிகம். காம்பைக் கிள்ளி இரண்டாக ஒடித்து, ஈரம் துளியும் இல்லாத நடுத்தர ஜாரில் பாதி அளவுக்குப் போடுங்கள். பெரிய ஜாரில் கொஞ்சமாகப் போட்டால் வத்தல் சுவரில் ஒட்டிக்கொண்டு பிளேடுக்கே வராது, நேரம்தான் ஓடும். பல்ஸில் ஐந்து ஐந்து நொடியாக ஏழெட்டுத் தடவை. பிறகு 20 நொடி ஓட்டம், நிறுத்தம், ஜாரைத் தட்டிவிட்டு இன்னொரு 20 நொடி. நெடி அடங்க ஒரு நிமிடம் விட்டு முகத்தைத் தள்ளி வைத்து மூடியைத் திறந்து, தட்டில் கொட்டிச் சலியுங்கள். சல்லடையில் நிற்கும் திப்பியை அடுத்த ஈட்டோடு சேர்த்தால் போதும். அதை மட்டும் தனியாக அரைத்து நைசாக்கப் பார்ப்பதுதான் ஜாரை அதிகம் சுடவைக்கும் வேலை.

கால் கிலோ, அரை கிலோ வரை மிக்ஸி. வருஷத்துக்கு என்று கீழமாசி வீதியில் கிலோ கணக்கில் வத்தலும் மல்லியும் வாங்கினால் மில்லுக்கே கொடுங்கள். விரலி மஞ்சளை எந்த அளவானாலும் மிக்ஸியில் போட வேண்டாம். கல் போன்ற அது பிளேடையும் கப்ளரையும் ஒரே நாளில் உடைக்கும். மில் பொடியும் சூடாகத்தான் வரும். அதை அந்தத் தூக்கிலேயே மூடிவைக்காமல் வீட்டுக்கு வந்ததும் வேட்டித் துணியில் பரப்பி, முழுதாக ஆறிய பிறகு டப்பாவில் அடையுங்கள்.