பேச்சாளர் அறிமுகமா, விவாத நெறியாள்கையா: ஏற்பாட்டாளர்களிடம் விரைவில் கொண்டுசேர்ப்பது எது?

மாநாட்டு ஏற்பாட்டாளர்களுக்குத் தெரிந்தவராக வேண்டுமென்றால், உரைக்கு விண்ணப்பித்துத் தேர்வுக்குழுவின் பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதே பலரும் அறிந்த வழி. பேச்சாளர்களை அறிமுகம் செய்வதும் குழு விவாதத்தை நெறிப்படுத்துவதும் அதைவிட விரைவானவை. ஆனால் இவ்விரண்டும் நம்மைக் கொண்டுசேர்க்கும் ஆட்கள் வேறு வேறு.

அறிமுக வேலை எளிதில் கிடைக்கும். பைத்தான் நிரல்மொழிக்காக அமெரிக்காவில் நடக்கும் பைகான் மாநாட்டில், பேச்சாளரை அரங்குக்கு அழைத்து வருவதும் மேடையில் அறிமுகம் செய்து நேரம் பார்ப்பதும் தன்னார்வலர்களின் பொறுப்பு. பெயரை எப்படி உச்சரிப்பது என்று பேச்சாளரிடமே கேட்டுக்கொண்டு, மடிக்கணினி திரையில் தெரிகிறதா என்று பார்த்து, 'இன்னும் 5 நிமிடம்' என்ற அட்டையை உரிய நேரத்தில் உயர்த்திக் காட்டினால் வேலை ஏறக்குறைய முடிந்தது. அறிமுகம் ஒரு நிமிடத்தைத் தாண்டலாகாது (நம் விழாக்களில் பட்டங்களை வாசிப்பதற்கே அது போதாது என்பது வேறு கதை). குறை என்னவென்றால், நம்மை நினைவில் வைத்திருப்பவர்கள் அரங்கப் பொறுப்பாளரும் பேச்சாளரும்தான். நிகழ்ச்சிநிரலை முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் அந்த அறையிலேயே இருப்பதில்லை.

நெறியாளரோ அவர்களோடுதான் பல வாரங்கள் மின்னஞ்சலில் பேசுகிறார். முன்பின் தெரியாதவரிடம் இப்பொறுப்பைத் தரத் தயங்குவார்கள் என்றாலும், தலைப்பையும் வர ஒப்புக்கொண்ட நால்வரையும் நாமே கொண்டு சென்றால், அவர்களுக்கு ஓர் அமர்வு ஆயத்தமாகவே கைக்கு வந்துவிடுகிறது. கணக்குதான் கடினம். 45 நிமிட விவாதத்தில் நால்வரும் மும்மூன்று நிமிடம் தம்மைப் பற்றிச் சொன்னால் 12 போய்விடும்; அவையினரின் கேள்விகளுக்கு 10 ஒதுக்கினால், எஞ்சும் 23 நிமிடத்தில் ஒருவருக்கு ஆறுகூட வராது. எனவே நால்வரையும் நெறியாளரே இரண்டு நிமிடத்தில் அறிமுகம் செய்து, ஆளுக்கொரு கேள்வியோடு தொடங்குவது நல்லது. ஒரே கேள்வியை வரிசையாகக் கேட்டால் அது நான்கு குட்டிச் சொற்பொழிவுகளாகிவிடும். பங்கேற்பாளர்கள் ஒருவரையொருவர் பாராமல் நம்மையே பார்த்துப் பேசுவது அதன் அடையாளம்.

நான் முதன்முதலில் நெறிப்படுத்திய விவாதத்தில், மூத்தவர் ஒருவர் ஒன்பது நிமிடம் பேசியபோது குறுக்கிடக் கூசினேன். தேநீர் இடைவேளை தள்ளிப்போனது. ஏற்பாட்டாளர்கள் என்னை நன்றாகவே நினைவில் வைத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு அழைக்கவில்லை. அறிமுகத்தில் தடுமாறினால் ஒரு நிமிடத்தில் மறந்துவிடுவார்கள், விவாதத்தில் அப்படியில்லை.

ஆகவே யாரையும் அறியாதவர் முதலில் இரண்டு மூன்று அமர்வுகளில் அறிமுகம் செய்வதே சரி என்பேன். எந்த உரை நேரம் கடந்தது, எந்த ஒலிவாங்கி மக்கர் செய்தது என்று மறுநாள் காலையில் நான்கு வரி எழுதி அரங்கப் பொறுப்பாளருக்கு அனுப்பினால், அது நிகழ்ச்சிநிரல் குழுவின் பார்வைக்கும் போக வாய்ப்புண்டு; விவாதத் தலைப்பை முன்வைக்கும் மடலை அதன்பின் எழுதலாம்.